தம்பியோட முதல் மெயிலும் எங்க சித்தப்பா பேரும்

போன ஜூலைல எங்க சித்தப்பா பையன் சோழிங்கநல்லூர்ல ஒரு கம்பெனில ஜாயின் பண்ணான். சொந்த ஊர் கோவில்பட்டி. பேரு செந்தில்குமார்னு வெச்சுக்குங்க, சித்தப்பா பேரு சண்முகம்னு வெச்சுக்குங்க, ரெண்டும் நிஜப் பேர் இல்ல, ஆனா ரெண்டு பேரும் இந்தக் கதைக்கு வேணும். திங்கக்கிழமை போனான், லேப்டாப் குடுத்தாங்க, மெயில் ஐடி மட்டும் வர செவ்வாய் சாயந்தரம் ஆயிடுச்சு. வந்த உடனே மேனேஜர் சொன்ன முதல் வேலை, "டீமுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ மெயில் போட்டுடுப்பா".

அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு வாட்ஸப்ல ஒரு ஃபோட்டோ வருது. ஆபீஸ் லேப்டாப் ஸ்க்ரீனை அப்படியே ஃபோன்ல படம் புடிச்சு அனுப்பியிருக்கான், "அண்ணே, இது ஓகேவா?"ன்னு. முதல்ல அதுக்குத்தான் திட்டு வாங்கினான். ஆபீஸ் ஸ்க்ரீனை ஃபோட்டோ எடுத்து வெளிய அனுப்புறது நிறைய கம்பெனில வேலைக்கே வேட்டு வைக்கிற சமாச்சாரம், இவன் சேர்ந்து ரெண்டாவது நாள். டெலீட் பண்ணுடா, எழுதினதை வாயால படிச்சுக் காட்டுன்னேன். படிச்சான்.

சப்ஜெக்ட்: "ஹாய்". அப்புறம் "ரெஸ்பெக்டட் சார்ஸ் அண்ட் மேடம்ஸ், வெரி குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல். மைசெல்ஃப் செந்தில்குமார் எஸ். ஐ ஆம் ஹெய்லிங் ஃப்ரம் கோவில்பட்டி." அதுக்கப்புறம் அப்பா என்ன பண்றாரு, அம்மா ஹவுஸ்வைஃப், ஒரு தங்கச்சி, 2023ல பாஸ்ட் அவுட், சிஜிபிஏ 8.2, மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் வொர்க், ஹாபி பாட்டு கேக்கறது, கடைசில "தேங்க்ஸ் ஃபார் கிவிங் மீ திஸ் ஆப்பர்ச்சூனிட்டி".

எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா பதினோரு வருஷம் முன்னாடி நான் போட்ட மெயிலும் கிட்டத்தட்ட இதேதான். கொஞ்சம் யோசிச்சா இது மெயிலே இல்ல. இது காலேஜ்ல பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்ல, "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்"னு கேட்டா ஒப்பிக்கறதுக்குன்னு மனப்பாடம் பண்ண வெச்ச அந்த ஒரு பாரா. இன்டர்வியூல எதிர்ல உக்காந்திருக்கறவன் நம்மள எடுக்கலாமா வேண்டாமான்னு பாத்துட்டிருக்கான், அதனால மார்க், ஸ்ட்ரெங்த், குடும்பம் எல்லாம் சொல்றோம். டீமுக்குப் போற மெயில்ல அந்தக் கேள்வியே கிடையாது, எடுத்தாச்சு, ஐடி கார்டு கழுத்துல தொங்குது. இப்ப படிக்கறவங்களுக்கு வேண்டியது வேற: இவனை என்னன்னு கூப்பிடறது, எந்த வேலைக்கு வந்திருக்கான், எங்க உக்காந்திருக்கான், எப்ப இருப்பான். அவ்வளவுதான். இன்டர்வியூ பாராவுல இந்த நாலுல ஒண்ணுகூட ஒழுங்கா இல்ல. பேர்கூட இல்லன்னுதான் சொல்லுவேன், அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல வணக்கம். "ரெஸ்பெக்டட் சார்" எங்கேர்ந்து வருதுன்னு நமக்கெல்லாம் தெரியும். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, காய்ச்சல் காரணமாக ரெண்டு நாள் விடுப்பு. அந்த லீவ் லெட்டர் பழக்கம்தான் இங்கிலீஷ் மெயிலுக்குள்ள ஏறி உக்காந்துக்குது. தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா பக்கத்து சீட்ல இவனை விட ஒரு வயசு பெரிய பொண்ணு உக்காந்திருக்கும், அது இதைப் படிச்சுட்டு நாம ஹெட்மிஸ்ட்ரெஸ் ஆயிட்டோமான்னு நினைக்கும். மறுநாளே எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடப் போறான், பெரும்பாலான ஐடி கம்பெனில பழக்கம் அதுதான். அப்ப இன்னிக்கு சார்ஸ், நாளைக்கு பேருன்னா ஒரு மாதிரி இருக்கும். (அரசு ஆபீஸ், பேங்க், பழைய ஃபேக்டரின்னா கதை வேற, அங்க சார் மேடம்தான் சரி, அங்க போய் ஹாய் ஆல்னு போட்டா அதுவும் பேச்சாகும்.) "டியர் ஆல்" பரவாயில்ல, கொஞ்சம் சர்க்குலர் வாசனை அடிக்கும். "டியர்ஸ்"னு மட்டும் தயவு செஞ்சு போடாதீங்க, பாத்திருக்கேன், ரொம்ப பாத்திருக்கேன். "ஹாய் கைஸ்"னா டீம்ல இருக்கற பொண்ணுங்கள்ல சில பேர் சட்டை பண்ண மாட்டாங்க, சில பேர் பண்ணுவாங்க, முதல் நாளே அந்த ரிஸ்க் எதுக்கு. "ஹலோ எவ்ரிஒன்" அல்லது "ஹாய் ஆல்" போதும்.

அப்புறம் அந்த குட் மார்னிங். அவன் டீம்ல பாதி பேர் இங்க, மீதி டல்லாஸ்ல. ஜூலைல நமக்கும் டல்லாஸுக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம், இங்க காலைல 11 மணிக்கு அனுப்பினா அங்க ராத்திரி 12.30. அவங்க படிக்கறது அவங்க காலைல, பதில் வரும்போது நமக்கு சாயந்தரம் தாண்டிடும். குட் மார்னிங்கை எடுத்துட்டா ஒண்ணும் குறையாது. தம்பிக்கு அதை எடுக்கத்தான் மனசே வரல. "வெறும் ஹாய்னா திமிரா இல்லையாண்ணே?"ன்னான். அந்த பயம் நியாயம்தான், நம்ம ஊர்ல மரியாதைன்னா வார்த்தை கூடணும். ஆனா மெயில்ல மரியாதை வேற இடத்துல இருக்கு: படிக்கறவங்களுக்கு வேலை வைக்காம இருக்கறதுல. அரை நிமிஷத்துல படிச்சு முடிக்கிற மாதிரி எழுதினா அதுவே பெரிய மரியாதை.

"மைசெல்ஃப் செந்தில்" பத்தி எல்லாரும் கிண்டல் பண்ணியாச்சு, நான் பண்ணல. அது ஏன் வருதுன்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு. தமிழ்ல "நான் செந்தில்" அப்படின்னாலே வாக்கியம் முடிஞ்சுடுது, நடுவுல இருக்கிறேன் ஆகிறேன் எதுவும் தேவையில்ல. அதே வடிவத்துல இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை வெச்சு முடிக்கப் பாக்கறோம், வெறும் "ஐ செந்தில்" காதுக்கு நல்லா இல்ல, "மைசெல்ஃப்" கொஞ்சம் கனமா இருக்கு, ஒட்டிக்குது. சரி பண்றது ஈஸி, "ஐ ஆம் செந்தில்". "பாஸ்ட் அவுட்" தான் நிஜமாவே மாட்டி விடும். இங்க அது படிப்பு முடிச்சேன்னு அர்த்தம். டல்லாஸ்காரருக்கு அது மயங்கி விழுந்தேன். 2023ல மயங்கி விழுந்தவன் இப்ப டீம்ல சேர்ந்திருக்கான்னு படிப்பாரு. "கிராஜுவேட்டட்"னு போட்டா தீர்ந்துச்சு.

இப்ப பேருக்கு வரேன். தமிழனோட முதல் மெயில்ல உண்மையான சிக்கல் இங்கதான் இருக்கு, இதை யாரும் ட்ரெயினிங்ல சொல்லித் தரல.

நமக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு இல்ல. பேரு ஒண்ணு, முன்னாடி அப்பா பேரோட முதல் எழுத்து. ச. செந்தில்குமார், அவ்வளவுதான். ஆனா பாஸ்போர்ட் ஃபார்ம்ல ரெண்டு கட்டம் இருக்கு, சர்நேம், கிவன் நேம். இனிஷியலை விரிச்சு எழுதுன்னு யாராவது சொல்லுவாங்க, சண்முகம் போய் சர்நேம் கட்டத்துல உக்காரும். பல கம்பெனில ஹெச்ஆர் பாஸ்போர்ட்லேர்ந்தோ ஆதார்லேர்ந்தோ அப்படியே எடுத்து சிஸ்டத்துல ஏத்துவாங்க, அந்த சிஸ்டத்துலேர்ந்துதான் மெயில் பேர் உருவாகும், அதுவும் சில கம்பெனில சர்நேம் முதல்ல, கமா, அப்புறம் பேருன்னு. ஆக மெயில் பாக்கற எல்லாருக்கும் தெரியறது "சண்முகம், செந்தில்குமார்". டல்லாஸ்காரர் அவசரத்துல முதல் வார்த்தையைப் பாப்பாரு, "ஹாய் சண்முகம்"னு எழுதுவாரு. அவர் மேல தப்பே இல்ல.

எனக்கு இது வருஷக் கணக்குல ஓடுச்சு. வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும் நான் எங்கப்பா. முதல் தடவையே சொல்லியிருக்கணும், கூச்சம், விட்டுட்டேன். அப்புறம் மூணு மாசம் கழிச்சு "அது என் பேர் இல்லீங்க"ன்னு சொல்ல இன்னும் கூச்சம். 2020 லாக்டவுன்ல வீட்லேர்ந்து வேலை, ஸ்பீக்கர்ல மீட்டிங், அங்கேர்ந்து ஒருத்தர் எங்கப்பா பேரைச் சொல்லி "கேன் யூ ஹியர் மீ?"ங்கறாரு, அடுத்த ரூம்லேர்ந்து எங்கப்பா "யாருப்பா கூப்பிடறது?"ன்னு எழுந்து வந்துட்டாரு. அன்னிக்குத்தான் எல்லாருக்கும் விளக்கம் சொல்லி மெயில் போட்டேன். முதல் நாள் ஒரே ஒரு வரில முடிஞ்சிருக்க வேண்டியது.

என்னோடது பரவாயில்ல. பாஸ்போர்ட்ல ஒரே பேர் மட்டும், அதுவும் சர்நேம் கட்டத்துல இருந்துச்சுன்னா, அமெரிக்க விசால கிவன் நேம் இடத்துல FNU அப்படின்னு அடிச்சுடுவாங்க, முதல் பேர் தெரியாதுங்கறதோட சுருக்கம். அது அங்க போய் ஆபீஸ் ரெக்கார்டுல ஏறி, அப்புறம் "ஹாய் எஃப்னு"ன்னு மெயில் வாங்கற நம்ம ஆளுங்க நிஜமாவே இருக்காங்க.

அதனால தம்பிக்கு சொன்னது, முதல் வரிலயே "ஐ ஆம் செந்தில்"னு கூப்பிட வேண்டிய பேரை மட்டும் போடு, முழுப் பேர் மேலயே தெரியுது. அடுத்த வரில "மெயில்ல முன்னாடி தெரியறது எங்கப்பா பேர், என்னை செந்தில்னு கூப்பிடுங்க". கீழ கையெழுத்துலயும் வெறும் செந்தில். இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், கையெழுத்தை மாத்தினா மேல வர்ற பேர் மாறாது. அது ஹெச்ஆர் டேட்டாலேர்ந்து வருது, அதுக்கு ஐடி ஹெல்ப்டெஸ்க்ல ஒரு டிக்கெட் போடணும், பல இடத்துல கூப்பிடற பேருன்னு தனி கட்டம் வெச்சிருக்காங்க, அதை மாத்தினா டைரக்டரில ஒண்ணு ரெண்டு நாள்ல மாறும். சம்பள ஸ்லிப், பிஎஃப் எல்லாம் பழைய பேர்லயே இருக்கும், இருக்கவும் வேணும், அதைத் தொடாதே.

அடுத்தது, யாருக்கு அனுப்பறது. மேனேஜர் "டிஎல்-க்கு போட்டுடு"ன்னிருக்காரு. நம்ம ஆபீஸ் பாஷைல டிஎல்-னா டீம் லீடும்தான், டிஸ்ட்ரிப்யூஷன் லிஸ்ட்டும்தான், புதுசா வந்தவன் பாதி பேர் இங்கயே குழம்புவான். இவன் லிஸ்ட்னு சரியாவே புரிஞ்சுக்கிட்டான். ஆனா டு கட்டத்துல முதல் நாலு எழுத்து அடிச்சதும் அவுட்லுக் ரெண்டு லிஸ்ட் காட்டியிருக்கு, பேர் ஒரே மாதிரி, ஒண்ணு அவனோட டீம், 14 பேர், இன்னொண்ணு அந்த கிளையன்ட்டுக்கு வேலை செய்யற மொத்தக் கூட்டம். இவன் மேல இருந்ததைத் தட்டி வெச்சிருந்தான், அது மொத்தக் கூட்டம். லிஸ்ட் பேர் பக்கத்துல ஒரு பிளஸ் குறி இருக்கும், அதை அமுக்கினா உள்ள இருக்கற பேரெல்லாம் விரியும், ஆனா விரிச்சது விரிச்சதுதான், மறுபடி லிஸ்டா மடங்காது. அதனால அமுக்காம, பேரை டபுள் கிளிக் பண்ணி உள்ள யாரு இருக்காங்கன்னு மட்டும் பாருன்னேன். பாத்தான். "அண்ணே, ஸ்க்ரோல் போயிட்டே இருக்கு"ன்னான்.

பெரிய லிஸ்டுக்கு போனா என்ன, எல்லாரும் வெல்கம்னு சொல்லுவாங்கன்னு நினைக்கலாம். அங்கதான் ஆபத்து. நாலு பேர் ரிப்ளை ஆல்ல வெல்கம்பாங்க, அஞ்சாவது ஆள் ரிப்ளை ஆல்லயே "என்னை இந்த லிஸ்ட்லேர்ந்து எடுங்க"ம்பாரு, ஆறாவது ஆள் ரிப்ளை ஆல்லயே "ரிப்ளை ஆல் பண்ணாதீங்க"ம்பாரு. 1997 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குள்ளயே இது நடந்துச்சு. Bedlam DL3 னு ஒரு லிஸ்ட், உள்ள சுமார் 13,000 பேர். அதுல தான் இருக்கறதைப் பாத்த ஒருத்தர் என்னை ஏன் இதுல சேத்தீங்க, எடுங்கன்னு லிஸ்டுக்கே கேக்க, எனக்கும் எனக்கும்னு ஆளாளுக்கு பதில் போட, கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி மெயில் சுத்தி சர்வர் படுத்துடுச்சு. மெயில் சாஃப்ட்வேர் செஞ்ச கம்பெனிக்கே அந்த கதி. 2020ல அவங்களே இதுக்குன்னு ஒரு தடுப்பு கொண்டு வந்தாங்க, ஆரம்பத்துல அதோட கணக்கு 5,000 பேருக்கு மேல போற மெயில்ல ஒரு மணி நேரத்துல 10 ரிப்ளை ஆல் வந்தா நாலு மணி நேரம் அடைச்சுடும்னு. தம்பியோட பெரிய லிஸ்ட் 5,000 கிட்டயெல்லாம் வராது, சில நூறுதான், தடுப்பும் காப்பாத்தாது.

பிசிசில போட்டுடவான்னு கேட்டான். பிசிசில போட்டா ரிப்ளை ஆல் அடிச்சாலும் அனுப்பினவனுக்குத்தான் வரும், உண்மைதான், பெரிய கூட்டத்துக்கு அது நல்ல வழி. ஆனா 14 பேர் டீமுக்கு பிசிசி போட்டா யாருக்கெல்லாம் போச்சுன்னே தெரியாது, ஒளிச்சு எழுதின மாதிரி இருக்கும். டு-ல டீம் லிஸ்ட், சிசில மேனேஜர், முடிஞ்சுது. இன்னொண்ணும் கேட்டேன், மேனேஜர் ஏற்கனவே உன்னைப் பத்தி ஏதாவது மெயில் போட்டிருக்காராடான்னு. தேடிப் பாத்தா திங்கக்கிழமையே போட்டிருக்காரு, "ப்ளீஸ் வெல்கம்"னு, இவனுக்கு ஐடி வராததால இவன் அதுல இல்ல. அப்படி ஒண்ணு இருந்தா அதை ஃபார்வர்ட் பண்ணச் சொல்லி வாங்கி அதுலயே பதில் போடறது உத்தமம், டீம்காரங்க ஏற்கனவே படிச்ச சங்கதியோட தொடர்ச்சியா வரும். இவனுக்கு அவரைத் திரும்ப கேக்க தயக்கம், சரி தனி மெயிலாவே போகட்டும்னு விட்டேன்.

டு கட்டத்தை கடைசியா நிரப்புன்னும் சொன்னேன். எழுதி முடிக்கற வரைக்கும் அது காலியா இருந்தா கை தவறி சென்ட் தட்டினாலும் எங்கயும் போகாது. ரீகால்னு ஒரு வசதி இருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க, நம்ம கம்பெனிக்கு வெளிய போனதை இழுக்க முடியாது, அதுவுமில்லாம ரீகால் பண்றான்னு தெரிஞ்சாலே சில பேர் தேடிப் போய் படிப்பாங்க, நானே படிப்பேன்.

உள்ள என்ன எழுதறதுன்னு ராத்திரி பத்தரை வரைக்கும் ஓடுச்சு. அப்பா அம்மா தங்கச்சி போச்சு, சிஜிபிஏ போச்சு, ஹார்ட் வொர்க் போச்சு (அதை மெயில்ல சொல்ல முடியாது, மாசக் கணக்குல பாத்துதான் நம்புவாங்க). பாட்டு கேக்கறதும் போச்சு, பாட்டு கேக்காதவன் யாரு. உன்னைப் பத்தி யாராவது ஒரு பதில் எழுதற மாதிரி ஒரு விஷயம் சொல்லுடான்னேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "அம்மா கடலைமிட்டாய் குடுத்து விட்டிருக்காங்க, ரெண்டு கிலோ, பேக்லயே இருக்கு"ன்னான். டேய், இதைத்தாண்டா முதல்ல சொல்லியிருக்கணும். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடே குடுத்தாச்சு, அதை பேக்ல பூட்டி வெச்சுட்டு ஹாபி லிஸனிங் டு மியூசிக்குன்னு எழுதறான்.

இங்கிலீஷ்ல போன மெயிலை இங்க தமிழ்ல சொல்றேன், நீளமும் இவ்வளவுதான். சப்ஜெக்ட்: "அறிமுகம்: செந்தில், பில்லிங் டெஸ்டிங் டீம்ல புதுசு".

> எல்லாருக்கும் வணக்கம்,
>
> நான் செந்தில். பில்லிங் டெஸ்டிங்ல இந்தத் திங்கக்கிழமை சேர்ந்தேன். மெயில்ல முன்னாடி தெரியற சண்முகம் எங்கப்பா பேர், என்னை செந்தில்னே கூப்பிடுங்க.
>
> முதல் ஒரு மாசம் இன்வாய்ஸ் டெஸ்ட் கேஸ்களைப் படிச்சு ஓட்டிப் பாக்கப் போறேன், அதனால உங்கள்ல சில பேர் கிட்ட நிறைய கேள்வி கேப்பேன். சென்னை நேரம் 11லேர்ந்து 8 வரைக்கும் இருப்பேன், நாலாவது மாடி, ஜன்னல் ஓர வரிசை.
>
> எங்க ஊர் கோவில்பட்டி, கடலைமிட்டாய்க்கு பேர் போனது. வேர்க்கடலையும் வெல்லமும்தான். ஒரு டப்பா என் டேபிள்ல இருக்கு, வந்து எடுத்துக்குங்க. டல்லாஸ்ல இருக்கறவங்களுக்கு நான் கடன்.
>
> செந்தில்

கடலைக்கு "கிரவுண்ட்நட்"னு எழுதியிருந்தான், அதை மட்டும் "பீநட்"னு மாத்தினோம். அமெரிக்காக்காரங்களுக்கு பழகின வார்த்தை அதுதான், அதோட பீநட் அலர்ஜி உள்ளவங்க டீம்ல இருந்தா டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடியே தெரியணும்.

புதன்கிழமை காலைல 11.20க்கு அனுப்பினான். பகல் பன்னெண்டுக்குள்ள டப்பா பாதி காலி. வேலை விஷயமா இவன் தேடிப் போயிருக்க வேண்டிய ஆளுங்கள்ல மூணு பேர் மிட்டாய்க்காக இவன் டேபிளுக்கே வந்துட்டாங்க, அதுல ஒரு அக்கா இன்வாய்ஸ் டெஸ்ட் கேஸ் எந்த ஃபோல்டர்ல இருக்கு, அதுல எது பழசு, எதை நம்பக் கூடாதுன்னு வாயில மிட்டாயோடயே சொல்லிட்டுப் போச்சாம். சாயந்தரம் டல்லாஸ்லேர்ந்து நாலு பதில். மூணு பேர் "வெல்கம் செந்தில்", ஒருத்தர் கடனுக்கு வட்டி உண்டான்னு கேட்டிருக்காரு.

வியாழக்கிழமை அஞ்சாவதா ஒரு பதில், அங்க இருக்கற டெலிவரி ஹெட் கிட்டேர்ந்து. நல்லா நாலு வரி, ரொம்ப அன்பா, அடுத்த வாரம் கால்ல பேசலாம்னு. ஆரம்பம் "ஹாய் சண்முகம்".

தம்பி எனக்கு ஃபோன் போட்டு என்னண்ணே பண்றதுன்னான். ஒண்ணும் விளக்காதே, பதில் போடு, கீழ செந்தில்னு கையெழுத்து போடு, அந்த டிக்கெட்டை இன்னிக்கே போடுன்னேன். அவன் வீட்லயும் இதைச் சொல்லியிருக்கான். ஞாயித்துக்கிழமை சித்தப்பா எனக்கு ஃபோன் பண்ணாரு, சிரிப்பு அடங்கல மனுசனுக்கு. "அமெரிக்கால என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்களாமே, நல்லதுதானப்பா, அப்படியே சம்பளத்தையும் என் பேர்லயே போடச் சொல்லு"ன்னாரு.